ஹூவர் சோதனை: பிடிக்கவா, காட்டவா?

1908-ல் அமெரிக்காவில் சார்ல்ஸ் ஃபிராங்க்ளின் ஹூவர் என்ற மருத்துவர் ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். கால் விழுந்துவிட்டதாகச் சொல்லி ஏமாற்றுபவர்களையும், ‘ஃபங்ஷனல்’ வகைக் கால் பலவீனம் உள்ளவர்களையும் கண்டுபிடிக்க ஒரு புதிய அடையாளம் கிடைத்திருக்கிறது என்று அதன் தலைப்பே சொல்லியது. ஏமாற்றுக்காரனும் நோயாளியும் ஒரே வரியில், ஒரே பிடியில். நூறு வருஷம் கழித்து, 2012-ல், எடின்பரோவைச் சேர்ந்த ஜான் ஸ்டோனும் லண்டனைச் சேர்ந்த மார்க் எட்வர்ட்ஸும் ‘நியூராலஜி’ இதழில் ஒரு கட்டுரை எழுதினார்கள். இந்தச் சோதனையை ரகசியமாகச் செய்து கேஸ் ஷீட்டில் குறித்துக்கொள்ளாதீர்கள், நோயாளிக்கே காட்டுங்கள், அதுதான் நோய் என்ன என்று விளக்குவதற்கான சிறந்த வழி என்றார்கள்.

அதே கை, அதே கால், அதே சோதனை. ஒன்று பிடிக்க, இன்னொன்று காட்ட. நம் வார்டுகளில் இன்னமும் பெரும்பாலும் நடப்பது 1908-தான் என்பது என் முதல் புகார். காட்டச் சொல்கிற கட்டுரைகளும் நம்ம ஊருக்கு வேண்டிய ரெண்டு மூணு விஷயத்தை விட்டுவிடுகின்றன என்பது அடுத்த புகார். பிசியோதெரபி வேலையில் நான் பார்த்ததை வைத்துத்தான் இதை எழுதுகிறேன். கீழே வரும் பழவேற்காட்டு அக்கா ஒரே ஆள் கிடையாது. அந்தப் பக்கத்திலிருந்து வந்த மூணு நாலு பேரை, அடையாளம் தெரியக்கூடாது என்பதற்காக, ஒரே ஆளாகச் சேர்த்திருக்கிறேன்.

அக்காவுக்கு நாற்பதை ஒட்டிய வயது. ஏரியில் முழங்கால் தண்ணியில், சேற்றில் நடந்து கையால் எறா பிடிக்கிற வேலை. வீட்டுக்காரர் வலைக்குப் போகிறவர். ஒருநாள் சேற்றுக்குள் கிடந்த கிளிஞ்சலில் கால் வைத்து வலது கணுக்கால் மடங்கிவிட்டது. வீக்கம், நல்ல வலி. மூன்று நாள் காலை நீட்டிப் படுத்திருந்தார். நாலாவது நாள் வீக்கம் வடிந்துவிட்டது, ஆனால் எழுந்து நின்றால் வலது கால் ‘வரல’. இடுப்பிலிருந்தே பாரமாக, மூட்டையை இழுப்பது மாதிரி பின்னாடியே இழுபட்டது.

கால் விழுந்துவிட்டது, வாதம் என்று தெருவே முடிவு செய்தது. டவுனில் ஒரு ஊசி, ஒரு சத்து மாத்திரை. மந்திரிப்பு ஒருமுறை. பிறகு சென்னையில் ஒரு பெரிய ஆஸ்பத்திரி. மூளைக்கும் முதுகுக்கும் ஸ்கேன் எடுத்தார்கள். அன்று ரவுண்ட்ஸ் வந்த மருத்துவர் அக்காவின் தொடைக்கடியில் கையை வைத்து ஏதோ பார்த்தார், பக்கத்தில் நின்ற மாணவர்களைப் பார்த்து லேசாகத் தலையசைத்தார், ஒருத்தர் சிரித்தார். பிறகு, “ஒண்ணுமில்லம்மா, எல்லாம் நார்மல். வீட்ல ஏதாவது பிரச்சனையா? டென்ஷன் பண்ணிக்காத” என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அவர் பார்த்தது ஹூவர் சோதனை. அது பாசிட்டிவ். நோய் என்ன என்பது அந்த நிமிஷமே அவருக்குத் தெரிந்துவிட்டது. நோய்க்காரிக்கு மட்டும் தெரியவில்லை. அவர் தெரிந்துகொண்டது ஒன்றே ஒன்றுதான்: ஸ்கேனில் ஒன்றும் இல்லை. வீடு திரும்பிய அன்றைக்கே மாமியார் சொல்லிவிட்டார்: “ஒண்ணுமில்லன்னு பெரிய டாக்டரே சொல்லிட்டாரு. அப்புறம் இன்னாத்துக்கு இழுத்துக்கினு நடக்குற?”

இந்த ‘ஒண்ணுமில்ல’ என்ற சொல்லை நாம் கொஞ்சம் சந்தேகத்தோடு பார்க்கணும். தமிழில் அது அன்பான சொல். விழுந்த குழந்தையைத் தூக்கி “ஒண்ணுமில்ல, ஒண்ணுமில்ல” என்றுதான் தேற்றுகிறோம். மருத்துவரும் அநேகமாக அந்த அர்த்தத்தில்தான் சொல்லியிருப்பார். ஆனால் கால் இழுக்கிற ஒருத்தியிடம், மாமியார் பக்கத்தில் நிற்கும்போது, அதே சொல் தீர்ப்பாகிவிடுகிறது. ஒன்றும் இல்லை என்றால், இருப்பதாகக் காட்டுகிறவள் யார்?

ஃபங்ஷனல் நரம்பியல் கோளாறு என்பதை ‘இல்லை’யை வைத்துக் கண்டுபிடிப்பதில்லை என்பதுதான் இந்தத் துறை கடந்த இருபது முப்பது வருஷத்தில் எடுத்துவைத்த பெரிய அடி. ஸ்கேன் நார்மல் என்பதால் இது ஃபங்ஷனல் என்று சொல்வது தப்பு. ஸ்கேன் நார்மலாக இருக்கிற நரம்பு வியாதிகள் வேறு நிறைய உண்டு. இந்த நோய்க்கென்றே உடம்பில் காணக்கூடிய அடையாளங்கள் இருக்கின்றன, அவற்றை வைத்துத்தான் சொல்லணும். 2013-ல் வந்த அமெரிக்க மனநல வகைப்பாட்டு நூலின் ஐந்தாம் பதிப்பும் அதைத்தான் கேட்கிறது. அதற்கு முந்தின பதிப்பு வரைக்கும் மன அழுத்தக் காரணம் ஒன்றைக் காட்டியாக வேண்டும் என்று இருந்த நிபந்தனையையும் அது எடுத்துவிட்டது. ஆக, “வீட்ல பிரச்சனையா?” என்ற கேள்வி இந்த நோயைக் கண்டுபிடிக்கத் தேவையே இல்லை. கேட்டால் தப்பில்லை, ஆனால் எந்த வீட்டில் பிரச்சனை இல்லை? நம் அக்காவுக்கு முன்னாடி நடந்ததெல்லாம் கணுக்கால் மடங்கி, வலித்து, மூன்று நாள் அசையாமல் படுத்ததுதான். காயமும் வலியும் இந்த நோயைத் தொடங்கிவைப்பது ரொம்ப சாதாரணம்.

இப்போது சோதனைக்கு வருவோம். நாற்காலியில் உட்கார்ந்து படிக்கிறவர்கள் செய்தே பார்க்கலாம். இடது தொடைக்கும் நாற்காலிக்கும் நடுவில் உங்கள் இடது உள்ளங்கையை வையுங்கள். இப்போது வலது முழங்காலை மேலே தூக்குங்கள், வேறு யாராவது அதைக் கீழே அழுத்திப் பிடிக்கட்டும். நீங்கள் ஒன்றும் நினைக்காமலே இடது தொடை உங்கள் கையை நசுக்கும். ஒரு காலைத் தூக்க மற்ற கால் ஊன்ற வேண்டும், அதை உடம்பு தானே பார்த்துக்கொள்கிறது. அந்த ஊன்றலுக்கு நம் உத்தரவு தேவையில்லை.

பக்கவாதத்தில் மூளையிலிருந்து இறங்குகிற பாதையே அடிபட்டிருக்கும். அதனால் உத்தரவு போட்டாலும் கால் அழுத்தாது, தானாக ஊன்றவும் செய்யாது. நம் அக்காவின் வலது தொடைக்கடியில் கையை வைத்து, “கீழ அழுத்துங்க” என்றால் அழுத்தம் ஏறக்குறைய இல்லை. முகம் சுருங்குகிறது, மூச்சைப் பிடிக்கிறார், கால் வரவில்லை. பிறகு, “அந்தக் காலை விட்டுடுங்க, இடது காலைத் தூக்குங்க, நான் அமுக்குறேன்” என்றால், வலது தொடை என் கையை நன்றாக நசுக்குகிறது. பலம் உள்ளேதான் இருக்கிறது. அக்கா கூப்பிட்டால் வரவில்லை, கூப்பிடாதபோது வருகிறது.

கூப்பிடுகிற வழி ஒன்று, தானாக நடக்கிற வழி இன்னொன்று என்பதைப் புரிந்துகொண்டால் பாதி நோய் புரிந்துவிடும். மூளை அந்தக் காலைப் பற்றி ஒரு எதிர்பார்ப்பை உருவாக்கி வைத்திருக்கிறது: இது வலிக்கும், இது வராது. கவனம் காலின்மேல் எவ்வளவு குவிகிறதோ அவ்வளவுக்கு அந்த எதிர்பார்ப்பு ஜெயிக்கிறது. கவனம் வேறு பக்கம் போனால் பழைய வழி திறந்துகொள்கிறது. “முயற்சி பண்ணும்மா, இன்னும் நல்லா முயற்சி பண்ணு” என்று நாம் ஊக்கப்படுத்துவது இதனால்தான் எதிராக வேலை செய்கிறது. முயற்சி என்பதே கவனம்தானே.

இதை நோயாளியிடம் எந்தச் சொற்களில் சொல்வது? இங்கேதான் எனக்குப் படித்த கட்டுரைகளோடு சண்டை.

2002-ல் ஸ்டோனும் உடன் இருந்தவர்களும் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் ஒரு குறும்புத்தனமான ஆய்வை வெளியிட்டார்கள். நரம்பியல் ஓ.பி.க்குப் புதிதாக வந்த 86 பேரிடம், “உங்களுக்குக் கால் பலவீனம், எல்லா டெஸ்ட்டும் நார்மல், மருத்துவர் இன்ன பெயர் சொல்கிறார், உங்களை நடிப்பவர், பைத்தியம், கற்பனை செய்பவர் என்று அவர் சொல்வதாக நினைப்பீர்களா?” என்று கேட்டார்கள். எத்தனை பேரிடம் அந்தப் பெயரைச் சொன்னால் ஒருத்தர் புண்படுவார் என்று கணக்குப் போட்டார்கள். ‘எல்லாம் மனசுலதான்’ என்பதற்கு 2 பேர். ‘ஃபங்ஷனல்’ என்பதற்கு 9 பேர். ஒப்பிட வைத்த ‘ஸ்ட்ரோக்’ என்பதற்கே 12. ஆக, ‘ஃபங்ஷனல்’ என்ற சொல் கிட்டத்தட்ட ஸ்ட்ரோக் அளவுக்குப் பாதுகாப்பானது. அந்தச் சொல் உலகம் முழுக்கப் பரவ இந்த ஆய்வும் ஒரு காரணம்.

நல்ல ஆய்வுதான். ஆனால் அது அளந்தது ஸ்காட்லாந்தில், ஆங்கிலத்தில், கற்பனைக் கேள்விக்கு. பழவேற்காட்டில் ‘ஃபங்ஷன்’ என்றால் கல்யாணம், காதுகுத்து, மஞ்சள் நீராட்டு. “உங்களுக்கு ஃபங்ஷனல் ப்ராப்ளம்” என்று ஒரு ஜூனியர் சொன்னதற்கு, “எங்க வீட்ல இப்ப ஃபங்ஷன் ஏதும் இல்லீங்களே” என்று ஒருத்தர் பதில் சொன்னதை நானே கேட்டிருக்கிறேன். புண்படவில்லை, உண்மைதான். புரியவும் இல்லை.

‘செயல்பாட்டுக் கோளாறு’ என்று மொழிபெயர்த்தால் அது ஒரு அரசாணை மாதிரி ஒலிக்கிறது. ‘நரம்புத் தளர்ச்சி’ என்று சிலர் சொல்லிவிடுகிறார்கள், அது எல்லாவற்றையும் விட மோசம். சுவர் விளம்பரங்களின் புண்ணியத்தில் அந்தச் சொல்லுக்கு ஆண்மைக் குறைவு என்ற வாசனை ஏறிவிட்டது, பெண்ணுக்குச் சொன்னால் பலவீனமான ஆள் என்ற முத்திரை. தவிர, பேச்சுத் தமிழில் ‘நரம்பு’ என்பது ரத்தக்குழாய், தசைநார், நரம்பு மூன்றையும் சேர்த்தது. கணுக்காலில் ‘நரம்பு பிசகி’ இழுத்துக்கொண்டிருப்பதை அக்கா தொட்டே காட்டுகிறார். அவரிடம் “உங்க நரம்பு நல்லா இருக்கு” என்றால், நான் அவர் காலைப் பார்க்கவே இல்லை என்றுதான் அர்த்தம்.

அடுத்தது புகழ்பெற்ற ‘ஹார்டுவேர், சாஃப்ட்வேர்’ உவமை. கம்ப்யூட்டர் பாகமெல்லாம் நல்லா இருக்கு, உள்ளே ஓடுகிற புரோகிராமில்தான் சிக்கல் என்பார்கள். ஸ்டோன் நடத்துகிற neurosymptoms.org தளத்திலும் இந்த மாதிரி விளக்கம் உண்டு. மீனவ கிராமத்துக்கு இது புரியாது என்று நான் சொல்லவில்லை. கையில் போன் இல்லாத வீடு இல்லை, போன் ஹேங் ஆவது எல்லோருக்கும் தெரியும். சிக்கல் அதற்கு அடுத்த கேள்வியில் இருக்கிறது: “அப்ப ரீசெட் பண்ணி உட்டுடுங்க.” போன் உவமை, கடைக்காரர் அஞ்சு நிமிஷத்தில் சரிசெய்துவிடுகிற ஒன்றாக நோயைக் காட்டுகிறது, நோயாளிக்கு அதில் வேலையே இல்லை. நிஜத்தில் வாரக்கணக்கில் பயிற்சி செய்யப்போவது அவர்தான். உவமை நோயை விளக்கிவிட்டு வைத்தியத்தைக் கெடுத்துவிடுகிறது.

என் கருத்தில் பெயரும் உவமையும் இரண்டாம் பட்சம். முதலில் வேண்டியது, நோயாளி தன் உடம்பிலேயே நோயைப் பார்ப்பது. அதற்குத்தான் ஹூவர். ஆனால் காட்டுகிற வரிசையில் கவனம் வேண்டும். முதலில் செய்துவிட்டுப் பிறகு விளக்கினால் அது பொறி. “பாத்தீங்களா, இப்ப அழுத்துறீங்க!” என்று ஒருத்தர் சொல்லும்போது, குரல் எவ்வளவு இனிமையாக இருந்தாலும், மாட்டிக்கொண்ட உணர்வுதான் வரும். என்ன நடக்கப்போகிறது என்பதை முன்கூட்டியே சொல்லிவிட்டுச் செய்தால், அதே சோதனை இருவரும் சேர்ந்து பார்க்கிற காட்சியாகிவிடுகிறது.

நான் சொன்னது ஏறக்குறைய இப்படி:

“அக்கா, உங்க வலது கால்ல பலம் வரல. நான் கைய வச்சுப் பாத்தேன், நீங்க சொல்றது நிஜம். இது வாதம் இல்ல. இது வேற ஒரு கோளாறு, நிறைய பேருக்கு வரும், நாங்க அடிக்கடி பாக்குறதுதான். மூளை காலுக்குச் சொல்லி அனுப்புற விதத்துல தடங்கல். இப்ப ஒரு சோதனை பண்றேன். நீங்களா அழுத்தப் பாத்தா கால் வராது, அது எனக்குத் தெரியும். ஆனா அடுத்த காலைத் தூக்கும்போது இந்தக் கால் தானா அழுத்தும். நீங்க ஒண்ணும் தப்பு பண்ணல, அதுதான் இந்தக் கோளாறோட அடையாளம். பாக்கலாமா?”

‘வாதம் இல்ல’ என்பது இதில் மூன்றாவது வாக்கியம். முதல் வாக்கியம் என்ன இருக்கிறது என்பது. நம் வழக்கம் நேர் எதிர்: கட்டி இல்ல, அடைப்பு இல்ல, வாதம் இல்ல என்று ஐந்து இல்லைகளைச் சொல்லி முடிப்பதற்குள் கேட்கிறவருக்கு மனசு மூடிவிடும்.

அக்கா சரி என்றார். செய்தோம். தொடை அழுத்தியதை அவரே உணர்ந்தார். கொஞ்ச நேரம் காலையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “இன்னொரு வாட்டி பண்ணுங்க” என்றார்.

இங்கே கட்டுரைகள் விட்டுவிடுகிற விஷயம் ஒன்று இருக்கிறது. இந்த ஆய்வுகள் எழுதப்பட்ட ஓ.பி.யில் நோயாளி அநேகமாகத் தனியாக, அல்லது ஒருத்தரோடு உட்கார்ந்திருப்பார். அவர் நம்பினால் போதும். பழவேற்காட்டிலிருந்து வருகிறவர் தனியாக வருவதில்லை. அக்காவோடு வீட்டுக்காரரும் மாமியாரும் வந்திருந்தார்கள். அக்கா நம்புவது முதல் படிதான், வீடு நம்பவில்லை என்றால் அந்த நம்பிக்கை பொன்னேரி தாண்டுவதற்குள் கரைந்துவிடும். இந்த நோயில் ‘நடிப்பு’ என்ற தீர்ப்பை எழுதுவது வீடு, மருத்துவர் மையை மட்டும்தான் கொடுக்கிறார். விளக்கம் மூன்று பேருக்கும் சேர்த்துச் சொல்லப்பட வேண்டும்.

அதனால் அக்காவிடம் கேட்டுக்கொண்டு, வீட்டுக்காரரின் கையைத் தொடைக்கடியில் வைக்கச் சொன்னேன். “அழுத்துங்க” என்றபோது அவர் கை காலியாக இருந்தது. இடது காலைத் தூக்கியபோது அவர் முகம் மாறியது. நான் பயந்தபடியே கேட்டார்: “அப்ப பலம் இருக்குது. இத்தினி நாளா இன்னா பண்ணிக்கினு இருந்தா?”

நியாயமான கேள்வி. அவரிடம் வலை பின்னுவதைப் பற்றிக் கேட்டேன். பேசிக்கொண்டே பின்னுவீங்களா? பேசிக்கொண்டே, பீடி பிடித்துக்கொண்டே பின்னுவாராம். ஒவ்வொரு முடிச்சிலும் எந்த விரல் முதலில் போகிறது என்று சொல்லிக்கொண்டே பின்னச் சொன்னால்? சிரித்தார். போன வருஷம் யாரோ வீடியோ எடுக்க வந்து அப்படிக் கேட்டதில் கை தடுமாறிவிட்டதாம். “கை தானா போவுது, நெனச்சா சிக்கிக்குது.” இவங்க காலுக்கு இப்ப எப்பவும் அந்த வீடியோ ஓடிக்கொண்டிருக்கிற மாதிரி என்று நினைத்துக்கொள்ளுங்கள் என்றேன். அது முழு உண்மை இல்லை. வலை முடிச்சில் தடுமாறுகிற கை வேலை செய்யாமல் போவதில்லை, அக்காவின் கால் போனது. ஆனால் ‘பலம் இருந்தும் கூப்பிட்டால் வராமல் போகலாம்’ என்பதை அவர் கை ஏற்கெனவே அறிந்திருந்தது, அது போதுமாக இருந்தது.

மாமியார் விடவில்லை. “நடிக்கலன்னு உனுக்கு எப்டிம்மா தெரியும்?”

இதற்கு நேர்மையான பதில் சொல்ல வேண்டும்: ஹூவர் சோதனை அதைச் சொல்லாது. நடிக்கிறவர் காலிலும் அது பாசிட்டிவாகவே வரும், ஹூவரே தலைப்பில் இரண்டையும் சேர்த்துத்தானே எழுதினார். சோதனை சொல்வது, பாதை அறுபடவில்லை என்பதை மட்டும். நடிப்பு இல்லை என்பதற்கு வேறு ஆதாரங்களிடம் போகணும். ஒருவரை ஒருவர் பார்த்தே இராத, வெவ்வேறு நாட்டு ஆட்கள், இதே மாதிரிக் காலை, இதே மாதிரி இடுப்பிலிருந்து இழுத்து நடக்கிறார்கள். பழவேற்காட்டுச் சேற்றில் கால் மடங்கிய பெண்மணிக்கு அதை யார் சொல்லிக்கொடுத்திருக்க முடியும்? 2010-ல் வலேரி வூன் குழு ஒரு சின்ன ஆய்வு செய்தது. ஃபங்ஷனல் நடுக்கம் உள்ளவர்களை ஸ்கேனருக்குள் வைத்து, நடுக்கம் தானாக வரும்போதும், அதே நடுக்கத்தை அவர்களே வேண்டுமென்று செய்யும்போதும் ஒப்பிட்டார்கள். தானாக வரும்போது, ‘இதைச் செய்வது நான்தான்’ என்ற உணர்வோடு தொடர்புடைய வலது மூளைப் பகுதி ஒன்று மந்தமாக இருந்தது. ஆட்கள் குறைவு, அதை வைத்து ஒருத்தருக்கும் நோயை உறுதிசெய்ய முடியாது. மாமியாரிடம் நான் ஸ்கேனரைப் பற்றிப் பேசவில்லை. “இவங்க வேலைக்குப் போகாத ஒவ்வொரு நாளும் வீட்ல எவ்வளவு நஷ்டம்?” என்று மட்டும் கேட்டேன். அவர் பதில் சொல்லவில்லை. நம்பினாரா என்று எனக்குத் தெரியாது.

சோதனையே தவறாக முடிகிற இடங்களும் உண்டு. இடுப்பில் வலி உள்ளவர் வலிக்குப் பயந்து அழுத்தாமல் இருப்பார், அடுத்த காலைத் தூக்கும்போது மறந்து அழுத்திவிடுவார். மூளையின் பக்கவாட்டில் அடைப்பு வந்து, ஒரு பக்கத்தையே கவனிக்காமல் விடுகிற நோயாளிக்கும் போலியாகப் பாசிட்டிவ் வரலாம். எல்லாவற்றையும் விட முக்கியம், ஒரே ஆளுக்கு இரண்டும் இருக்கலாம். தண்டுவட நோய் உள்ளவருக்கு அதன்மேல் ஃபங்ஷனல் பலவீனமும் ஏறியிருக்கும். ஹூவர் பாசிட்டிவ் என்பதற்காக அனிச்சைத் தட்டல், பாதத்தைக் கீறிப் பார்த்தல் இவற்றையெல்லாம் விட்டுவிடக்கூடாது. அக்காவுக்கு அவை இரண்டும் சரியாக இருந்தன, ஸ்கேனும் எடுத்தாயிற்று.

“ஏதாவது விட்டுப்போயிருந்தா?” என்பது வீட்டுக்காரரின் அடுத்த கேள்வி. இதற்கு நல்ல தரவு இருக்கிறது. ஸ்காட்லாந்தில், நோயால் விளக்க முடியாத அறிகுறிகள் என்று நரம்பியல் நிபுணர்கள் முடிவு செய்தவர்களை ஒன்றரை வருஷம் கழித்துத் திரும்ப விசாரித்தார்கள், 2009-ல் அது வெளிவந்தது. 1030 பேரில் எதிர்பாராத வேறு நோய் வெளிப்பட்டது 4 பேருக்கு. அந்த எண்ணை நான் அப்படியே சொன்னேன். ஆயிரத்தில் நாலு என்பது மீன் எண்ணி விற்கிற வீட்டுக்குப் புரியாத கணக்கு இல்லை. ஆனால் அங்கே பார்த்தது நரம்பியல் நிபுணர்கள். டவுன் கிளினிக்கில் அஞ்சு நிமிஷத்தில் ‘டென்ஷன்’ என்று எழுதியதற்கு அந்த எண் ஜாமீன் நிற்காது.

விளக்கத்தின் மறுபாதி பயிற்சி. கவனம் காலிலிருந்து விலகினால் வழி திறக்கும் என்று சொல்லிவிட்டு, “காலைத் தூக்கி வைங்க” என்று பயிற்சி கொடுத்தால் நாம் சொன்னதை நாமே பொய்யாக்குகிறோம். ஃபங்ஷனல் நடைக்கு, பின்னோக்கி நடப்பது, பக்கவாட்டில் நடப்பது, காலைத் தூக்காமல் சறுக்கி நடப்பது என்று சில வழிகள் உண்டு. பழக்கமில்லாத நடைக்கு மூளையிடம் ‘வராது’ என்ற எதிர்பார்ப்பு தயாராக இருக்காது என்பது கணக்கு. அக்காவிடம், “சேத்துல எறா புடிக்கும்போது எப்படி நடப்பீங்க, அப்படி நடங்க” என்றேன். குனிந்து, இரண்டு கையையும் முன்னால் தடவிக்கொண்டு, பாதத்தைத் தரையோடு தேய்த்து முன்னால் தள்ளினார். வலது கால் கூடவே வந்தது, ஏழெட்டு அடி. நிமிர்ந்து என்னைப் பார்த்ததும் நின்றுவிட்டது.

அந்த ஏழெட்டு அடிதான் எல்லோருக்கும் காட்டிய இரண்டாவது ஆதாரம். சொல்லப்போனால் மாமியாரை ஹூவரை விட அதுதான் அதிகம் அசைத்தது.

நன்றாக விளக்கிவிட்டால் நோய் போய்விடும் என்று யாரும் எழுதினால் நம்பாதீர்கள். சிலருக்கு விளக்கமே போதுமாகிறது, பலருக்குப் போதுவதில்லை. 2024-ல் லான்செட் நியூராலஜியில் வந்த பிரிட்டன் சோதனையில், இந்த நோய்க்கென்றே வடிவமைத்த பிசியோதெரபியை வழக்கமான பிசியோதெரபியோடு ஒப்பிட்டார்கள். முக்கிய அளவுகோலான உடல் இயக்க மதிப்பெண்ணில் இரண்டு குழுவுக்கும் சொல்லும்படி வித்தியாசமில்லை. தங்கள் நிலை தேறியிருக்கிறது என்று நோயாளிகளே சொல்வது மட்டும் சிறப்புப் பயிற்சிக் குழுவில் கூடுதலாக இருந்தது. என் தொழிலைச் சேர்ந்த சிலர் இந்தப் பின்பாதியை மட்டும் மேற்கோள் காட்டுகிறார்கள். முன்பாதியையும் சேர்த்தே சொல்லணும்.

அக்கா ஆறு தடவை வந்தார். கடைசி இரண்டு தடவை தனியாக, பஸ்ஸில். சமதரையில் நடை ஏறக்குறைய சரியாகிவிட்டது. களைத்துப்போனாலோ, யாராவது காலை உற்றுப் பார்த்தாலோ இழுக்க ஆரம்பிக்கும் என்றார். ஏரியில் இறங்கினால் இழுப்பதே இல்லையாம். கடைசி நாள் ஒரு கடிதம் கேட்டார், மாமியாருக்கு இல்லை, அடுத்த முறை எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும் காட்ட. தமிழில் எழுதிக் கொடுத்தேன்: இவருக்கு வலது காலில் ஃபங்ஷனல் பலவீனம், ஹூவர் அடையாளம் பாசிட்டிவ், இது அவருக்குக் காட்டி விளக்கப்பட்டிருக்கிறது. கடைசி வரியை அவரே வாசித்துப் பார்த்துவிட்டு, அதற்குக் கீழே கோடு போடச் சொன்னார்.